பட்டறைக்குப் போகும் டிராயிங்: ஒரு பேரிங் ஹவுசிங்கை அளவிட்டு முடிப்பது எப்படி

கணினியில் ஒரு பாகத்தை மாடல் செய்வது ஒரு வேலை. அதே பாகத்தைத் தாளில் இறக்கி, நம்மைப் பார்த்தே இராத ஒரு டர்னர் யாரிடமும் எதுவும் கேட்காமல் செய்து முடிக்கும்படி அளவு போடுவது வேறு வேலை. கல்லூரி டிராயிங் வகுப்பில் கோடு போடச் சொல்லித் தருகிறார்கள், டாலரன்ஸ் எங்கே தேவை என்று சொல்லித் தருவதில்லை. கோவைப் பட்டறைகளுக்கு டிராயிங் அனுப்பி, "சார், இந்த அளவு எங்கிருந்து எடுக்கறது?" என்று வரும் போன்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லித்தான் இதெல்லாம் எனக்குப் பிடிபட்டது. புதிதாக வருகிறவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்று இதை எழுதுகிறேன்.

பொதுவாகப் பேசினால் ஒன்றும் மனதில் நிற்காது. ஒரே ஒரு பாகத்தை எடுத்துக்கொள்வோம். 6204 பேரிங் ஒன்றைத் தாங்கும் ஃபிளாஞ்ச் ஹவுசிங். ஃபிளாஞ்ச் விட்டம் 95, தடிமன் 10. அதன் பின்பக்கம் 65 விட்டத்தில் 12 மி.மீ. நீளத்துக்கு ஒரு ஸ்பிகாட், மெஷின் பிரேமில் உள்ள துளைக்குள் போய் உட்காருவதற்கு. முன்பக்கத்திலிருந்து 47 விட்டத்தில் பேரிங் துளை, அதற்குப் பின்னால் மறுபக்கம் வரை 40 விட்டத்தில் துளை. பிரேமில் மாட்ட, 80 பி.சி.டி.யில் நான்கு M6 போல்ட். பேரிங்கைப் பிடித்துக்கொள்ள முன்பக்கம் ஒரு தட்டையான மூடி.

## 1. அளவு போடும் முன், எது எதோடு சேருகிறது என்று எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து, இந்தப் பாகத்தின் எந்தப் பரப்பு வேறு பாகத்தைத் தொடுகிறது என்று பட்டியல் போடுங்கள். இங்கே ஐந்துதான்: ஃபிளாஞ்சின் பின்முகம் பிரேமில் உட்காருகிறது, ஸ்பிகாட் பிரேம் துளையில் நுழைகிறது, 47 துளை பேரிங்கைப் பிடிக்கிறது, அந்தத் துளையின் ஆழம் பேரிங்கின் அகலத்தோடு விளையாடுகிறது, நான்கு போல்ட் துளைகள் பிரேமில் உள்ள மரைகளுக்கு நேராக வரவேண்டும். கறாரான டாலரன்ஸ் தேவைப்படுவது இந்த ஐந்துக்கு மட்டும். 95 விட்டம் காற்றைத் தொடுகிறது, அது 94.8 ஆனாலும் 95.2 ஆனாலும் யாருக்கும் கவலையில்லை.

இந்தப் பட்டியல் இல்லாமல் உட்கார்ந்தால் பயத்தில் எல்லா அளவுக்கும் ±0.02 போட்டுவிடுவோம். பட்டறைக்காரர் ஒவ்வொரு ±0.02-க்கும் தனியாக அளக்க வேண்டும், தனியாகக் கவனிக்க வேண்டும். அது அப்படியே கொட்டேஷனில் ஏறும். சிலர் கொட்டேஷனே தராமல் விட்டுவிடுவார்கள்.

## 2. டேட்டம்: பாகம் உட்காரும் வரிசையில் போடுங்கள்

டேட்டம் என்பது "இங்கிருந்து அள" என்று நாம் சுட்டும் பரப்பு. எது A, எது B என்பதைப் பாகம் மெஷினில் உட்காரும் விதம் சொல்லிவிடும்.

நம் ஹவுசிங்கில் ஃபிளாஞ்சின் பின்முகம் A, ஸ்பிகாட் B. ஏன் ஸ்பிகாட் முதலில் இல்லை என்று கேட்கலாம். ஸ்பிகாட்டின் நீளம் 12 மி.மீ.தான். பிரேம் துளைக்குள் அதற்குச் சற்று இடைவெளி இருக்கும், அதனால் தனியாக நின்றால் சாய்ந்து ஆடும். போல்ட்டை இறுக்கும்போது பாகத்தை நேராக நிறுத்துவது அகலமான பின்முகம். ஸ்பிகாட்டின் வேலை நடுவில் கொண்டுவந்து நிறுத்துவது மட்டுமே. ஸ்பிகாட் நீளம் விட்டத்தைவிட அதிகமாக இருந்தால் கதை தலைகீழாகும். அப்போது அதன் அச்சே A.

டேட்டம் முக்கோணத்தை எங்கே ஒட்டுகிறோம் என்பதில் ஒரு பொறி இருக்கிறது. B-யின் முக்கோணம் 65 அளவுக் கோட்டுக்கு நேராக, அம்புக்குறியோடு சேர்ந்து நிற்க வேண்டும். அப்போதுதான் அது ஸ்பிகாட்டின் அச்சைக் குறிக்கும். சற்றுத் தள்ளி உருளையின் விளிம்புக் கோட்டில் ஒட்டினால், அந்தப் பரப்பு மட்டும்தான் டேட்டம் என்று அர்த்தமாகிவிடும். நடுவில் ஓடும் சென்டர் லைனில் ஒட்டவே கூடாது. அங்கே நான்கு விட்டங்களின் அச்சு ஒன்றாகக் கிடக்கிறது, எது என்று யாருக்குத் தெரியும்?

A தட்டையாக இருக்கவேண்டும் என்பதால் அதற்கு ஃபிளாட்னஸ் 0.02 போடுங்கள். B-க்கு, A-யைப் பார்த்துச் செங்குத்து ⌀0.02. ஸ்பிகாட் அளவு 65 h7, அதாவது 65.000 முதல் 64.970 வரை. பிரேம் துளை 65 H7 என்றால் கையால் தள்ளினாலே உள்ளே போகும்.

## 3. பேரிங் துளை: பணமும் நேரமும் இங்கேதான் போகிறது

6204-இன் வெளி விட்டம் 47. ஷாஃப்ட் சுற்றி, வெளி வளையம் சும்மா நிற்கும் சாதாரண வேலைக்கு ஹவுசிங் துளை H7 போதும். 47-க்கு H7 என்றால் 47.000 முதல் 47.025 வரை. டிராயிங்கில் H7 என்று மட்டும் போட்டு விடாதீர்கள், பக்கத்தில் எண்ணையும் எழுதுங்கள். சார்ட் தேடும் நேரமும் மிச்சம், தப்பான வரியைப் படிக்கும் ஆபத்தும் இல்லை.

பேரிங்கின் வெளி விட்டம் 47.000 முதல் 46.989 வரை வரும். ஆக இடைவெளி குறைந்தபட்சம் பூஜ்யம், அதிகபட்சம் 0.036. பேரிங் கையால் உள்ளே போகும், ஆனால் கடகடவென்று ஆடாது. "டைட்டா இருக்கட்டும்" என்று P7 போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிப் போட்டால் பிரஸ் வைத்துத்தான் ஏற்ற வேண்டும், வெளி வளையம் நசுங்கி உள்ளே இருக்கும் இடைவெளி குறையும், பேரிங் சூடாகும்.

அளவு சரியாக வந்தால் மட்டும் போதாது, துளை ஸ்பிகாட்டோடு ஒரே மையத்தில் ஓட வேண்டும். அதற்கு ரன் அவுட் 0.03 கொடுங்கள், A-யையும் B-யையும் பார்த்து:

```
⌀47 H7 (+0.025 / 0)    Ra 1.6
↗ | 0.03 | A | B
```

டர்னருக்கு இது உடனே புரியும். பாகத்தைச் சுழற்றி உள்ளே டயலை வைத்தால், முள் மொத்தமாக 0.03-க்கு மேல் ஆடக்கூடாது. குறிப்புப் பகுதியில் "கான்சென்ட்ரிக்காக இருக்க வேண்டும்" என்று வசனமாக எழுதுவதைவிட இது எவ்வளவோ மேல். எதைப் பார்த்து, எவ்வளவு என்று இரண்டுமே இதில் இருக்கிறது.

இந்த 0.03 எங்கிருந்து வருகிறது என்று பட்டறைக் கண்ணோடு பாருங்கள். பின்முகமும் ஸ்பிகாட்டும் ஒரு பிடியில் முடியும். பேரிங் துளை எதிர்ப்பக்கம் திறப்பதால் பாகத்தைக் கழற்றித் திருப்பிப் பிடிக்க வேண்டும். சாதாரண மூன்று ஜா சக்கில் திருப்பிப் பிடித்தால் 0.05 ஆட்டம் சர்வசாதாரணம். ஆகவே ஸ்பிகாட் அளவுக்கு சாஃப்ட் ஜா போர் செய்து, A முகத்தை ஜா மீது முட்டவைத்துப் பிடிப்பார்கள். நம் டேட்டம் வரிசையும் அவர்கள் பிடிக்கும் வரிசையும் ஒன்றாக இருப்பதால்தான் 0.03 கிடைக்கிறது. 0.01 கேட்டால் கிரைண்டிங் பக்கம் போகும், விலையும் நாட்களும் தாவும். மாறாக, பேரிங் ஸ்பிகாட் பக்கத்திலிருந்து நுழைந்தாலும் பரவாயில்லை என்றால் மூன்றையும் ஒரே பிடியில் முடித்துவிடலாம். அப்போது இந்த ரன் அவுட்டுக்குத் தனியாகப் பாடுபட வேண்டியதில்லை. டிசைனை இறுதி செய்யும் முன் டர்னரிடம் ஐந்து நிமிடம் பேசுவது இதற்குத்தான்.

இன்னும் ஒன்று, துளையின் அடியில் மூலை. 6204-இன் மூலை வளைவு குறைந்தபட்சம் 1 மி.மீ. ஹவுசிங் மூலையில் அதைவிடப் பெரிய வளைவு நின்றால் பேரிங் அடியில் போய் உட்காராமல் வளைவிலேயே ஏறி நிற்கும். "R0.8 MAX" என்று எழுதிவிடுங்கள். 0.8 அல்லது 0.4 மூக்கு ஆரம் உள்ள டிப் எல்லாப் பட்டறையிலும் இருக்கும்.

## 4. ஆழம்: 14 என்று மட்டும் போட்டால் என்ன ஆகும்

பேரிங் அகலம் 14. அதனால் துளை ஆழமும் 14 என்று போடத் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். டாலரன்ஸ் இல்லாத அளவுக்கு ISO 2768-m பொருந்தும் என்று டைட்டில் பிளாக்கில் சொல்லியிருந்தால், 6 முதல் 30 மி.மீ. வரையுள்ள அளவுகளுக்கு ±0.2. ஆழம் 13.8 ஆகவும் வரலாம், 14.2 ஆகவும் வரலாம். பேரிங்கின் அகலமோ 14.00 முதல் 13.88 வரை. மோசமான ஜோடி சேர்ந்தால் பேரிங் 0.32 மி.மீ. முன்னும் பின்னும் நகரும். மூடியை எவ்வளவு இறுக்கினாலும் அது ஹவுசிங் முகத்தைத்தான் அழுத்தும், பேரிங்கைத் தொடாது. பட்டறை மீது குற்றமும் சொல்ல முடியாது, ஏனென்றால் டிராயிங்படிதான் செய்திருக்கிறார்கள்.

பேரிங் எப்போதும் சற்று வெளியே துருத்திக்கொண்டு இருக்கும்படி ஆழத்தைக் குறைக்க வேண்டும். 13.8, அதற்கு 0 / -0.1 போடுங்கள். ஆழம் 13.7 முதல் 13.8. துருத்தல் குறைந்தபட்சம் 13.88-லிருந்து 13.8 போக 0.08, அதிகபட்சம் 14.00-லிருந்து 13.7 போக 0.30. எப்படி வந்தாலும் மூடி பேரிங்கை அழுத்தும். மூடிக்கும் ஹவுசிங்குக்கும் நடுவே மெல்லிய இடைவெளி தெரியும், அது தெரியத்தான் வேண்டும். அசெம்பிளி செய்கிறவரிடம் இதைச் சொல்லி வைக்காவிட்டால், இடைவெளி மூடும்வரை ஸ்க்ரூவை முறுக்குவார்.

இந்த ஆழத்தை முன்முகத்திலிருந்து அளவிடுங்கள். மூடி அங்கேதான் வருகிறது, டெப்த் மைக்ரோமீட்டரும் அங்கேதான் உட்காரும்.

## 5. நான்கு போல்ட் துளைகள்

M6-க்குச் சாதாரணமாகப் போடும் கிளியரன்ஸ் துளை 6.6. பிரேமில் M6 மரை வெட்டியிருக்கிறது. போல்ட்டுக்கும் துளைக்கும் உள்ள 0.6 இடைவெளியை ஹவுசிங்கும் பிரேமும் பாதிப்பாதி பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஆக நமக்கு ⌀0.3:

```
4 x ⌀6.6 (+0.2 / 0)  THRU
⌖ | ⌀0.3 | A | B
```

இதற்குப் பொருள், ஒவ்வொரு துளையின் மையமும் அது இருக்க வேண்டிய சரியான புள்ளியிலிருந்து 0.15-க்கு மேல் எந்தப் பக்கமும் விலகக்கூடாது.

இதையெல்லாம் விட்டுவிட்டு "4 துளை, 80 பி.சி.டி., சம தூரத்தில்" என்று எழுதினால் என்ன? பொது டாலரன்ஸில் 80-க்கு ±0.3, இந்த அளவுப் பாகத்தில் கோணத்துக்கு அரை டிகிரி. 40 மி.மீ. ஆரத்தில் அரை டிகிரி என்பது கிட்டத்தட்ட 0.35 மி.மீ. நமக்குத் தாங்கக்கூடிய விலகல் 0.15தான். மூன்று போல்ட் ஏறி நான்காவது ஏறாமல், துளையை ரவுண்ட் ஃபைல் போட்டுப் பெரிதாக்கும் காட்சியை எந்தப் பட்டறையிலும் பார்க்கலாம்.

பொசிஷன் டாலரன்ஸ் கொடுத்த பிறகு 80-ஐயும் 90°-ஐயும் பெட்டிக்குள் போட மறக்காதீர்கள். பெட்டிக்குள் இருக்கும் அளவுக்குத் தனி டாலரன்ஸ் கிடையாது. பெட்டி இல்லையென்றால் பொது டாலரன்ஸும் பொசிஷன் டாலரன்ஸும் ஒரே துளைக்கு இரண்டு கட்டளை போடும்.

மூடிக்கான மூன்று M4 மரைத் துளைகள் அவ்வளவு கறாராக வேண்டாம். 57 பி.சி.டி., பொசிஷன் ⌀0.4 தாராளம், மூடியில் துளையைப் பெரிதாக வைத்துக்கொண்டால். மரையின் ஆழத்தையும் டிரில் ஆழத்தையும் தனித்தனியாக எழுதுங்கள்.

## 6. மீதி அளவுகள்

A முகத்திலிருந்து முன்பக்கம் 10, பின்பக்கம் 12. மொத்த நீளம் 22-ஐயும் சேர்த்துப் போட்டால் மூன்றில் ஒன்று அதிகப்படி, மூன்றுக்கும் டாலரன்ஸ் ஒன்றோடொன்று முட்டும். 22-ஐ அடைப்புக்குறிக்குள் போடுங்கள். பார் வெட்டுகிறவருக்கு உதவும், யாரும் அதை வைத்துப் பாகத்தைத் தள்ளமாட்டார்கள். 40 துளையின் நீளம் தானாக வரும், அளவே வேண்டாம்.

உட்புற விவரம் அத்தனையையும் ஒரு வெட்டுத் தோற்றத்தில் காட்டுங்கள். மறைகோடுகளில் அளவு போடாதீர்கள். துளை அமைப்பைக் காட்ட ஒரு முன்தோற்றம். இந்தப் பாகத்துக்கு இரண்டு தோற்றம் போதும், மூன்றாவது வெறும் அலங்காரம்.

95 விட்டத்தைப் பற்றி ஒரு பணக் கணக்கு. சந்தையில் கிடைக்கும் 100 மி.மீ. ரவுண்ட் பாரிலிருந்து 95 சுத்தமாக வரும். நீங்கள் அழகுக்காக 100 என்று போட்டால் பாரின் கரடுமுரடான மேல்தோலை உரிக்க இடமில்லை, அடுத்த சைஸ் பார் எடுக்க வேண்டும். 100 விட்டம், 27 நீளத் துண்டின் எடை சுமார் 1.65 கிலோ. முடிந்த பாகமோ 600 கிராமுக்குள். பில்லில் வருவது துண்டின் எடைதான்.

## 7. டைட்டில் பிளாக்

வலது கீழ் மூலை. பலர் இதைக் கடைசியில் அவசரமாக நிரப்புகிறார்கள். பட்டறையில் முதலில் படிக்கப்படுவது இதுதான்.

```
PART      : BEARING HOUSING 6204
DRG NO    : BH-6204-01     REV: B
MATERIAL  : EN8
FINISH    : BLACKODISING
QTY       : 10
TOLERANCE : ISO 2768-m UNLESS STATED
ROUGHNESS : Ra 3.2 UNLESS STATED
EDGES     : DEBURR, 0.5 x 45° MAX
UNITS     : mm     SHEET 1/1
```

இவற்றோடு பெயர், தேதி, ஸ்கேல், ஃபர்ஸ்ட் ஆங்கிள் குறியீடு. மெட்டீரியல் கட்டத்தில் "ஸ்டீல்" என்று எழுதினால் கையில் கிடக்கும் எந்தத் துண்டும் ஸ்டீல்தான். கிரேடு எழுதுங்கள்.

புரொஜக்‌ஷன் குறியீட்டை விட்டுவிடுவது பெரிய பொறி. இந்தியாவில் ஃபர்ஸ்ட் ஆங்கிள்தான் வழக்கம், ஆனால் பல மென்பொருள்களின் டெம்ப்ளேட் மூன்றாம் ஆங்கிளில் திறக்கும். உருண்டையான இந்த ஹவுசிங்கில் வித்தியாசம் தெரியாது. ஒருபக்கம் மட்டும் துளை இருக்கும் பிராக்கெட் ஒன்றை இப்படி அனுப்பினால், கண்ணாடியில் பார்த்த மாதிரி இடவலம் மாறி வந்து நிற்கும்.

ஃபினிஷ் கட்டத்தில் என்ன எழுதுகிறோம் என்பது 47 துளையைத் தொடுகிறது. ஜிங்க் பிளேட்டிங் ஒரு பக்கத்துக்கு 8 முதல் 10 மைக்ரான் ஏறினால் விட்டம் 16 முதல் 20 மைக்ரான் குறையும். நம் மொத்த டாலரன்ஸே 25 மைக்ரான். பிளாக்கோடைசிங் ஏறக்குறைய தடிமனே சேர்க்காது, அதனால் இங்கே அது. ஜிங்க்தான் வேண்டுமென்றால் "அளவுகள் பிளேட்டிங்குக்குப் பிறகு" என்று எழுதுங்கள், அல்லது துளையை மறைத்து பிளேட்டிங் செய்யச் சொல்லுங்கள். இரண்டுக்கும் கூடுதல் செலவு உண்டு.

## 8. அனுப்புவது, விலை கேட்பது, காத்திருப்பது

பி.டி.எஃப் ஒன்று, ஸ்டெப் ஃபைல் ஒன்று. இரண்டின் பெயரிலும் டிராயிங் எண்ணும் ரிவிஷன் எழுத்தும் இருக்கட்டும். ஸ்டெப் ஃபைலில் டாலரன்ஸ் தெரியாது, எனவே "பி.டி.எஃப்தான் இறுதி" என்று மெயிலில் ஒரு வரி போடுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் 0.03 என்பது 0.08 ஆகப் படிக்கப்படும், டாக்குமென்டாக அனுப்புங்கள். A3-இல் வரைந்ததை அவர்கள் A4-இல்தான் பிரிண்ட் எடுப்பார்கள். நீங்களே ஒருமுறை A4-இல் எடுத்து, எழுத்து படிக்க முடிகிறதா என்று பாருங்கள்.

விலை கேட்கும்போது மெட்டீரியல், மெஷினிங், பிளாக்கோடைசிங் என்று பிரித்துத் தரச் சொல்லுங்கள். ஒரு பீஸுக்கும் பத்து பீஸுக்கும் சேர்த்துக் கேளுங்கள். சாஃப்ட் ஜா போர் செய்வது ஒரு பீஸுக்கும் பத்துக்கும் ஒரே வேலை, அதனால் ஒரு பீஸ் விலை பயமுறுத்தும். 47 H7-ஐ எதை வைத்து அளப்பீர்கள் என்றும் கேட்டுவிடுங்கள். போர் டயல் இருக்கிறது என்றால் சரி. "வெர்னியர்ல பாத்துடலாம் சார்" என்றால் வேறு பட்டறை தேடுங்கள். பிளக் கேஜ் புதிதாக வாங்க வேண்டும் என்றால் அந்தச் செலவும், கேஜ் வந்துசேரும் நாட்களும் யார் கணக்கு என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். பிளாக்கோடைசிங் பெரும்பாலும் வெளியே போய் வரும் வேலை. டெலிவரி தேதி அதையும் சேர்த்தா என்று உறுதி செய்யுங்கள்.

பர்ச்சேஸ் ஆர்டரில் டிராயிங் எண், ரிவிஷன், எத்தனை பீஸ், மெட்டீரியல் டெஸ்ட் சர்டிஃபிகேட் வேண்டுமா, எந்தெந்த அளவுக்கு இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் வேண்டும் என்று எழுதுங்கள். ரிப்போர்ட்டுக்கு ஐந்து அளவு போதும், முதல் படியில் போட்ட பட்டியலில் இருக்கும் அதே ஐந்து. மெட்டீரியல் நீங்களே கொடுத்தால் டெலிவரி சலான் இல்லாமல் அனுப்பாதீர்கள்.

நடுவில் ஏதாவது மாற்றினால், ஒரே ஒரு அளவு என்றாலும் ரிவிஷன் எழுத்தை ஏற்றி, எது மாறியது என்று ரிவிஷன் கட்டத்தில் எழுதி, போன் செய்து சொல்லுங்கள். பழைய பிரிண்ட் மெஷின் மேல் எண்ணெய்க் கறையோடு ஒட்டியிருக்கும். அதைக் கிழித்தாகிவிட்டது என்று அவர்கள் வாயால் கேட்கும்வரை விடாதீர்கள்.

## 9. பாகம் வந்ததும்

பத்து பீஸையும் ஒரே நேரத்தில் செய்யச் சொல்லாமல், முதல் பீஸைப் பார்த்து ஒப்புதல் தந்த பிறகு மீதி என்று பேசியிருந்தால் நல்லது. பட்டறைக்கே போய்ப் பார்ப்பதாக இருந்தால், மெஷினிலிருந்து இறக்கிய சூட்டில் அளக்க விடாதீர்கள். பாகம் கேஜைவிட 20 டிகிரி சூடாக இருந்தால் 47 விட்டம் சுமார் 0.011 பெரிதாகக் காட்டும். டாலரன்ஸில் பாதி அதிலேயே போய்விடும். 47.008 என்று காட்டும் துளை ஆறியதும் 46.997 ஆகும், பேரிங் நுழைய மறுக்கும்.

அளக்கும் வரிசை: முதலில் 47-ஐ மேலும் கீழும், ஒவ்வொரு இடத்திலும் இரண்டு திசையில். சக்கை அதிகம் இறுக்கியிருந்தால் ஒரு திசையில் 47.02, அதற்குக் குறுக்கே 47.00 என்று காட்டும். இரண்டுமே டாலரன்ஸுக்குள் இருந்தாலும் துளை வட்டமாக இல்லை என்று தெரிந்துகொள்ளலாம். அப்புறம் ஆழம், ஸ்பிகாட், ரன் அவுட். போல்ட் துளைகளுக்குப் பிரேமையே கொண்டுபோய் மாட்டிப் பார்ப்பது எந்த ரிப்போர்ட்டைவிடவும் சீக்கிரம். எல்லாம் சரியென்றால் அந்தப் பிரிண்டிலேயே அளந்த எண்களை எழுதி, கையெழுத்துப் போட்டு, ஒரு நகலைப் பட்டறையில் கொடுத்துவிட்டு மீதி ஒன்பதைத் தொடங்கச் சொல்லுங்கள்.